பெரியப்பாவுக்கு எழுதிய அஞ்சலியை மாற்றி எழுத வேண்டும். எங்கே தப்பு?

நத்தம்காரன் · ஜூலை 6, இரவு 11.40

பெரியப்பா ஜூலை 2 காலையில் தவறிவிட்டார். 64 வயது. மின்வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து லைன்மேனாக ஓய்வு பெற்றவர். எடுத்துவிட்டு வந்த அன்று இரவே ஃபேஸ்புக்கில் அஞ்சலி எழுதிப் போட்டேன். நாற்பது நிமிடத்தில் எழுதியது. முந்நூறு லைக், நூற்றுச் சொச்சம் கமெண்ட்.

நேற்று அக்கா போன் செய்தாள். பெரியப்பா மகள். "நல்லா எழுதியிருக்கடா. படிச்சு அழுதேன். ஆனா இது யாரைப் பத்தி?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

17ஆம் தேதி காரியம். அதற்குள் மாற்ற வேண்டும். எழுதியது இதுதான்:

"மின்சாரம் தந்த எங்கள் ஒளிவிளக்கு அணைந்தது. எங்கள் குடும்பத்தின் ஆலமரம் சாய்ந்தது. எல்லோரையும் அரவணைத்துச் சென்ற பாசத்தின் சிகரம் இன்று இல்லை. கஜா புயலில் உயிரைத் துச்சமாக மதித்து, கொட்டும் மழையில் கம்பம் கம்பமாக ஏறி, டெல்டா மக்களின் இருளைப் போக்கிய மாவீரர். எங்கள் வீட்டில் கரண்ட் போன ஒரு மழை இரவில், நான் பரீட்சைக்குப் படிக்க வேண்டுமே என்று ஓடோடி வந்து கம்பம் ஏறி வயரைக் கட்டிய கைகள் ஓய்ந்துவிட்டன. இன்று நான் இருக்கும் நிலைக்கு நீங்கள்தான் காரணம் பெரியப்பா. என்னை விட்டு எங்கே போனீர்கள்? இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஈடு செய்ய முடியாத இழப்பு. விண்ணில் நட்சத்திரமாக இருந்து எங்களை வழிநடத்துங்கள்."

வெட்டுங்கள்.

ஃப்ளெக்ஸ் தம்பி · ஜூலை 7, காலை 7.02

சார், கவிதை சூப்பர். எதுக்கு வெட்டணும்? ஆறுக்கு நாலு பேனர்னா கடைசி ரெண்டு வரி மட்டும் போதும், போட்டோ பெருசா வைக்கலாம். தோற்றம், மறைவு தேதி ரெண்டும் அனுப்புங்க. பின்னணி மேகமா, தாமரையா?

நத்தம்காரன் · ஜூலை 7, காலை 7.15

தம்பி, பேனர் இல்லை. மேகம் வேண்டாம். தாமரையும் வேண்டாம்.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 7, காலை 9.30

நாளிதழ் ஒன்றில் நினைவஞ்சலி விளம்பரங்களுக்கு மெய்ப்புப் பார்த்து வயதானவன் நான். தினமும் இருபது முப்பது வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் வரியைப் பாருங்கள். மின்வாரியத்துக்காரர் இறந்தால் ஒளி அணைகிறது. வாத்தியார் இறந்தால் ஒரு பாடம் முடிகிறது. டிரைவர் இறந்தால் பயணம் நிற்கிறது. டெய்லர் என்றால் நூல் அறுகிறது. இதெல்லாம் வேலையைப் பார்த்து வருகிற வரி, ஆளைப் பார்த்து வருவதில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து நான் எத்தனை ஒளிவிளக்கு அணைத்திருப்பேன் தெரியுமா.

அடுத்து ஒரு சோதனை. உங்கள் பதிவில் பெரியப்பா என்று வரும் இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒரு சொந்தக்காரரை வைத்துப் படியுங்கள். எந்த வரி அவருக்கும் பொருந்துகிறதோ அது போகட்டும். ஆலமரம், சிகரம், ஈடு செய்ய முடியாத, நட்சத்திரம் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது அவர் செய்ததாக நீங்கள் சொல்லும் இரண்டே காரியம்: கஜாவில் கம்பம் ஏறினார், உங்கள் வீட்டுக்காகக் கம்பம் ஏறினார். "நான்", "என்னை" மட்டும் நான்கு முறை வருகிறது. அஞ்சலி யாருக்கு என்று உங்கள் அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

அந்த இரண்டு காரியத்திலிருந்து ஆரம்பியுங்கள். அவை உண்மைதானே?

நத்தம்காரன் · ஜூலை 7, மதியம் 1.10

உண்மைதான். (மதியச் சாப்பாட்டுக்கு நடுவில் படித்தேன். பிடிக்காத சொந்தக்காரரை வைத்துப் பார்த்தேன். சிகரம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.)

மஞ்சள்பை · ஜூலை 7, மாலை 6.45

"தவறிவிட்டார்" என்று எழுதாதீர்கள், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி இருக்கிறது. "இயற்கை எய்தினார்" என்பதுதான் சரியான தமிழ். மற்றதெல்லாம் மதம் சார்ந்தது.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 7, மாலை 7.20

பாதி சரி. சிவலோக பதவி, வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை, வஃபாத் எல்லாம் அந்தந்த வீட்டுச் சொல். "இயற்கை எய்தினார்" மட்டும் பொதுச் சொல் என்று நினைக்காதீர்கள். பகுத்தறிவு இயக்கத்தார் விரும்பி எடுத்துக்கொண்டது, அதற்கும் ஒரு வீடு உண்டு. பெரியப்பா நெற்றியில் தினமும் திருநீறு இருந்திருந்தால் ஊரில் சிரிப்பார்கள். "காலமானார்" யாருக்கும் பொருந்தும். "தவறிவிட்டார்" வீட்டில் பேசுகிற சொல், அதில் ஒரு குறையும் இல்லை. இந்த ஓர் இடத்தில் எல்லோருக்கும் பொருந்துகிற சொல் இருந்தால்தான் நல்லது. செய்தியை நேரே சொல்லிவிட்டு நகரலாம்.

கம்பத்தடி · ஜூலை 7, இரவு 10.05

நானும் லைன்மேன்தான், திருப்பூர்ப் பக்கம். உங்கள் பெரியப்பாவைத் தெரியாது. ஆனால் கஜாவுக்கு நானும் போனேன். வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போனோம்.

உங்கள் வரி எனக்குப் பிடிக்கவில்லை. புயல் கரை கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில். நாங்கள் போனது அதற்குப் பிறகு. அங்கே ஏறுவதற்குக் கம்பமே நிற்கவில்லை. விழுந்த மரத்தை அறுப்போம், குழி தோண்டுவோம், புதுக் கம்பத்தை வயல் சேற்றில் ஆள் சேர்த்துத் தூக்கிப் போய் நிறுத்துவோம். கிரேன் உள்ளே வராது. நாள் கணக்கில் இதுதான் வேலை. கம்பி இழுப்பதெல்லாம் அப்புறம்.

"உயிரைத் துச்சமாக மதித்து" என்று எழுதுகிறீர்களே, அப்படி மதிப்பவனை எங்கள் கேங்கில் சேர்க்க மாட்டோம். லைன் கிளியர் வாங்கி, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கை வைப்போம். அதுவும் அந்த ஊர்களில் தண்ணீர்த் தொட்டி நிரப்ப எங்கே பார்த்தாலும் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு வீட்டில் மெயினை அணைக்காமல் ஜெனரேட்டரைப் போட்டால் கரண்ட் கம்பி வழியாகத் திரும்பி வரும். சப்ளை நிறுத்தியிருக்கிறது என்று நம்பிக் கை வைத்தவன் செத்தான். எர்த் ராடு மாட்டியிருந்தால் அது தரைக்குப் போய்விடும். நல்ல லைன்மேனைப் பற்றித் துச்சமாக மதித்தான் என்று எழுதுவது, நல்ல டிரைவரைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார் என்று எழுதுவது மாதிரி.

நத்தம்காரன் · ஜூலை 8, காலை 6.20

ராத்திரி இதைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா எர்த் ராடு போடாம ஏற மாட்டார், யாரையும் ஏறவும் விட மாட்டார். சர்வீசில சேர்ந்த புதுசுல கூட வேலை பார்த்த ஒருத்தர் அப்படித்தான் போயிட்டாராம். ஏன் இன்னும் சப்ளை குடுக்கலன்னு ஆபீஸ்ல இருந்து போன் மேல போன் வரும். இவர் பதில் சொல்லாம மாட்டிக்கிட்டே இருப்பார். நீ மாவீரர்னு எழுதுன அன்னிக்கு அவர் உசுரோட இருந்திருந்தா உன்னைத் திட்டியிருப்பார்."

கஜாவிலிருந்து 23 நாள் கழித்து வந்தாராம். என்ன செஞ்சீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் "குழி தோண்டினோம்" என்ற ஒரே பதில்தானாம். கம்பத்தடி சொல்வதும் அதுவே. நான்தான் அவரைக் கம்பம் கம்பமாக ஏற்றியிருக்கிறேன்.

ஒரு காரியம் போச்சு. மிச்சம் ஒன்று.

வேப்பம்பூ · ஜூலை 8, காலை 11.00

எனக்கு இந்தத் திருத்தமே புரியவில்லை. என் சித்தி போன வருடம் இறந்தபோது நான் நாலே வரி எழுதினேன். எந்த ஊர், என்ன வயது, கைவேலைக்காரி, முறுக்குச் சுற்றினால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும், அவ்வளவுதான். சித்தப்பா வீட்டில் இன்றுவரை முகம் கொடுக்கவில்லை. "பாசமே இல்லாம எழுதியிருக்கா" என்று பேச்சு. இதைப் படிக்கப் போவது யார்? உங்கள் சொந்தக்காரர்கள்தானே? அவர்களுக்கு ஆலமரம் வேண்டும்.

அடக்கமாக எழுதுவது என்பதே படித்தவர்கள் பழக்கம். எங்கள் அப்பத்தா ஒப்பாரி வைத்தால் தெரு முழுக்க வந்து நிற்கும். அதில் அடக்கம் எங்கே? அது பொய்யா?

நத்தம்காரன் · ஜூலை 8, மதியம் 2.30

பொய் இல்லை. எடுக்கும் அன்று பெரியம்மாவின் ஒப்பாரியைக் கேட்டேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஆலமரமே வரவில்லை. எட்டு மணிக்குத் தட்டு வைக்கவா, ஒன்பதுக்கு வைக்கவா, எந்த ஷிப்டுனு சொல்லிட்டுப் போகலையே என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் ஷிப்டு. அந்த வரிக்குத்தான் அப்பா எழுந்து வெளியே போனார்.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 8, மாலை 5.00

வேப்பம்பூ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒப்பாரி வேறு கலை. அது செத்தவரை "நீ" என்று கூப்பிட்டுப் பேசும், பக்கத்தில் நாலு பேர் கூடச் சேர்ந்து அழுவார்கள், முடிந்ததும் கரைந்துவிடும். அதில் வரும் "எங்கே போனீர்கள்" என்ற கேள்வியை எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால் கூட அழ ஆள் இல்லாமல் தனியாக நிற்கிறது, கீழே யாரோ கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

பழைய கையறுநிலைப் பாட்டுகளையும் பாருங்கள். அதியமான் இறந்தபோது ஒளவை பாடியதில் முதலில் வருவது அவன் வீரம் இல்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களைக் குடிக்கவிட்டு, பாடவிட்டு, தானும் கூடச் சேர்ந்து குடிப்பான் என்கிறாள். அடக்கம் படித்தவர்கள் கொண்டுவந்த சரக்கு என்று நான் நம்பவில்லை.

மஞ்சள்பை · ஜூலை 8, மாலை 5.40

ஒளவை பாடிய "அற்றைத் திங்கள்" இன்னும் அருமை.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 8, மாலை 5.52

அது பாரி மகளிர் பாடியது. ஆனால் அருமை என்பது சரி. ஐந்து வரிக்குள் அப்பா இல்லை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

வேப்பம்பூ · ஜூலை 8, இரவு 9.15

பாரி மகளிருக்குச் சித்தப்பா வீடு இல்லை.

நத்தம்காரன் · ஜூலை 9, இரவு 12.30

நடுவில் ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை, நான் மாட்டிக்கொண்டதால் சொல்கிறேன். அவசரத்துக்குப் பழைய பதிவிலேயே திருத்து என்று அமுக்கி மாவீரர் வரியை மட்டும் எடுத்தேன். பதிவைப் பார்க்க முடிந்தவர்கள் திருத்திய வரலாற்றையும் திறந்து பார்க்கலாம். சித்தப்பா ஒருவர் பழைய வரியைப் பார்த்துவிட்டு "ஏன் எடுத்தே, ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறார். இல்லாத பிரச்சினையை உண்டாக்கிவிட்டேன்.

அழிக்கவும் மனசில்லை. அடியில் பெரியப்பாவின் சிநேகிதர்கள் எழுதிய கமெண்ட் இருக்கிறது. அதனால் என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிட்டுக் கமெண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தேன். புதியது புதிய பதிவாகவே போகும்.

நத்தம்காரன் · ஜூலை 10, இரவு 10.20

இரண்டாவது வரைவு. பயந்து பயந்து எழுதியது.

"எங்கள் பெரியப்பா ஜூலை 2 அன்று காலமானார். வயது 64. மின்வாரியத்தில் 33 ஆண்டுகள் பணிபுரிந்தார். 2018இல் கஜா புயல் சீரமைப்புப் பணியில் 23 நாட்கள் ஈடுபட்டார். 2019இல் ஓய்வு பெற்றார். மனைவி, ஒரு மகள், ஒரு பேரன் உள்ளனர். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் காட்டிய அலட்சியம் மன்னிக்க முடியாதது."

அக்காவிடம் காட்டினேன். "இது பென்ஷன் ஃபாரம்" என்றாள். கடைசி வரியைப் பற்றி, "அதை எழுதணும்னா நான் எழுதுறேன், மனுவா, குடுக்க வேண்டிய இடத்துல. அப்பா பேரு வர்ற இடத்துல அவங்க வர வேண்டாம்" என்றாள். எடுத்துவிட்டேன். அதை எழுதியபோது எனக்கிருந்தது கோபம்தான், பெரியப்பா நினைப்பே இல்லை.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 11, காலை 8.40

அக்காவைக் கேட்டு நடங்கள், என்னைவிட நன்றாகப் பார்க்கிறார்.

"பணிபுரிந்தார், ஈடுபட்டார், உள்ளனர்" எல்லாம் அலுவலக நடை. "குழி தோண்டினோம்" என்று அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சீரமைப்புப் பணியைப் பிடித்துக்கொள்கிறீர்கள்.

இன்னொன்று, வினைமுற்று. "சொன்னார், மாட்டினார்" என்று எழுதினால் ஒரு தடவை நடந்தது. "சொல்வார், மாட்டுவார்" என்றால் எதிர்கால வடிவம்தான், ஆனால் தமிழில் பழக்கத்தைச் சொல்ல அதைத்தான் வைத்துக்கொள்கிறோம். இறந்தவரைப் பற்றி அப்படி இரண்டு வரி எழுதினால் ஆள் எழுந்து நடமாடுவார். இரண்டே வரி. அதற்கு மேல் போனால் பாட்டி கதை ஆகிவிடும்.

மஞ்சள்பை · ஜூலை 11, காலை 10.10

வயர் கட்டிய இரவை மறந்துவிட்டீர்களா? அதுதானே மொத்தப் பதிவிலும் உயிருள்ள இடம்.

நத்தம்காரன் · ஜூலை 12, மாலை 4.00

அதை எழுதுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் மறைத்துவிட்டேன். "எல்லோரையும் அரவணைத்து" என்று எழுதினேனே, எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருடம் பேசிக்கொள்ளவில்லை. கிணற்றுத் தண்ணீர் முறை. யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்பதில் ஆரம்பித்தது. 2009இலிருந்து 2018இல் அக்கா கல்யாணம் வரை. ஊருக்கே தெரியும். ஊர்க்காரர்கள் என் பதிவைப் படித்து என்ன நினைத்திருப்பார்களோ.

வயர் அறுந்த இரவு 2013 மார்ச். நான் பிளஸ் டூ. கோடை மழை. அதாவது பேச்சில்லாத காலம். பகையை மறந்து ஓடி வந்து கம்பம் ஏறினார் என்பதுதான் இத்தனை வருடம் என் மனசில் இருந்த படம்.

இன்று அப்பாவிடம் கேட்டேன். "அண்ணன் எங்கடா ஏறுச்சு? அந்த ஹெல்பர் பையன்தான் ஏறினான். அண்ணன் தெருமுனையிலேயே நின்னு லைட் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. ஒரு கையில பீஸ் கட்டை. டிரான்ஸ்பார்மர்ல இருந்து பிடுங்கிட்டு வந்துட்டதால தெருவே இருட்டு, எல்லாரும் முணுமுணுத்தாங்க. நான் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பேரும் பேசல" என்றார்.

நான் உள்ளே மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன் போலிருக்கிறது. எதையும் பார்க்கவில்லை. கேட்டதை வைத்து நானே படம் வரைந்திருக்கிறேன்.

ஆக, முதல் பதிவில் அவர் செய்ததாக இருந்தது இரண்டு காரியம். இரண்டுமே அவர் செய்யவில்லை.

நத்தம்காரன் · ஜூலை 12, மாலை 4.25

கூடுதல். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "உன் பரீட்சைக்காக வந்தார்னு யார் சொன்னா? அது அவர் செக்‌ஷன். யார் வீட்டு வயரா இருந்தாலும் போவார்" என்றாள். அப்பாவிடம் அதைக் கேட்டால், "செக்‌ஷன்ல ஆள் அனுப்பினா போதுமே, தானே வந்து எதுக்கு நிக்கணும்?" என்கிறார். இரண்டு பேரும் அவரவர் கட்சியில் உறுதி. தெரிந்தவர் போய்விட்டார்.

கம்பத்தடி · ஜூலை 12, இரவு 9.50

அந்தக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார் என்பதை விட்டுவிடாதீர்கள். அதுதான் லைன்மேன். டிரான்ஸ்பார்மரில் பிடுங்கி அங்கேயே வைத்துவிட்டு வந்தால், இருட்டில் அவசரக்குடுக்கை எவனாவது திரும்ப மாட்டிவிடுவான், மேலே நிற்பவன் போய்விடுவான். கட்டை கையில் இருக்கும் வரை பயமில்லை.

மஞ்சள்பை · ஜூலை 13, காலை 9.00

சண்டையைப் பற்றி எழுதக் கூடாது. இறந்தவர் அஞ்சலியில் குடும்ப விவகாரமா? அரவணைத்தார் என்ற வரியை எடுத்தால் போதும்.

பழைய பிழைதிருத்தி · ஜூலை 13, காலை 11.30

எடுத்தால் போதும்தான், பெரும்பாலும் நானும் அதையே சொல்வேன். ஆனால் இங்கே சண்டையை எடுத்துவிட்டால் அவர் ஏன் தெருமுனையில் நின்றார் என்பதே புரியாது. யார் யாருக்குச் சம்மதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவை முதலில். கிணறு, மோட்டார், யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் வேண்டாம்.

நத்தம்காரன் · ஜூலை 14, இரவு 11.10

மூன்று பேரிடம் கேட்டேன். பெரியம்மா, "பேசாம இருந்தது உண்மைதானே" என்றார். அக்கா சரி என்றாள். அப்பா ரொம்ப நேரம் பதில் சொல்லவில்லை, அப்புறம் "நான் திண்ணையில உட்கார்ந்திருந்ததையும் போடு" என்றார்.

மூன்றாவது வரைவு:

"எங்கள் பெரியப்பா ஜூலை 2 அன்று காலமானார். 64 வயது.

மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்தார். எர்த் ராடு மாட்டாமல் கம்பத்தில் கை வைக்க மாட்டார், யாரையும் வைக்க விட மாட்டார். கஜா புயலுக்கு வேதாரண்யம் பக்கம் 23 நாள் போய் வந்தார். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால் 'குழி தோண்டினோம்' என்பார்.

எங்கள் அப்பாவும் அவரும் சில வருடம் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாளில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டு சர்வீஸ் வயர் அறுந்துவிட்டது. பெரியப்பா டிரான்ஸ்பார்மரில் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் தெருமுனையில் நின்று டார்ச் அடித்தார். ஹெல்பர் கம்பம் ஏறி வயரைக் கட்டினார். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் லைட் எரிந்ததைப் பார்த்துவிட்டுப் பெரியப்பா டார்ச்சை அணைத்துக்கொண்டு போனார்.

காரியம் 17ஆம் தேதி, வீட்டில்."

"நான்" ஒன்றுகூட இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

கம்பத்தடி · ஜூலை 15, காலை 6.05

நல்லா இருக்கு. ஒரே ஒரு கேள்வி. பீஸ் கட்டை அவர் கையில் இருக்கும்போது உங்கள் வீட்டில் லைட் எப்படி எரியும்?

நத்தம்காரன் · ஜூலை 15, காலை 6.40

ஐயோ.

நத்தம்காரன் · ஜூலை 15, காலை 7.30

மாற்றினேன்: "வேலை முடிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்க் கட்டையை மாட்டினார். தெருவில் எல்லா வீட்டிலும் லைட் எரிந்தது."

எங்கள் வீட்டைத் தனியாகக் காட்ட ஆசைப்பட்டதால் வந்த தப்பு. அவர் நின்று பார்த்தார் என்று யாரும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தது.

வேப்பம்பூ · ஜூலை 15, மதியம் 12.15

எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வேண்டும். பெரியம்மாவின் ஷிப்டு வரியைச் சேர்க்கலாமே? அது ஒன்று போதும்.

நத்தம்காரன் · ஜூலை 15, மதியம் 12.50

சேர்த்துப் பார்த்தேன். அது பெரியம்மாவின் வரி. அவர் அதைப் பத்துப் பெண்களுக்கு நடுவில் சொன்னார், ஆயிரத்துச் சொச்சம் நண்பர்களுக்குச் சொல்லவில்லை. (இங்கே சொல்லிவிட்டேனே என்று கேட்காதீர்கள். எனக்கும் உறுத்துகிறது.)

வேப்பம்பூ · ஜூலை 15, மதியம் 1.05

சரி. ஆனால் உங்கள் சித்தப்பா வீட்டில் "பாசமே இல்லை" என்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தம்காரன் · ஜூலை 16, இரவு 9.00

அக்கா படித்தாள். இரண்டு தடவை. "போடு. ஆனா டார்ச் இல்ல, பேட்டரி. எங்க வீட்ல யாரும் டார்ச்னு சொன்னதே இல்ல" என்றாள். உண்மைதான், எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது பேட்டரி. எழுத உட்கார்ந்ததும் என் கை டார்ச் என்று எழுதியிருக்கிறது. மாற்றிப் போட்டுவிட்டேன். யாரையும் டேக் செய்யவில்லை. படம், அவருடைய அடையாள அட்டையில் இருந்தது. மாலை போட்ட படம் வேண்டாம் என்றாள் அக்கா.

ஃப்ளெக்ஸ் தம்பி · ஜூலை 16, இரவு 9.30

படிச்சேன் சார். எங்க தாத்தாவுக்கு அடுத்த மாசம் வருசத் திதி. அவர் என்ன செய்வார்னு அம்மாகிட்ட கேட்டுட்டு இருக்கேன். பேனர்ல எவ்ளோ வரி பிடிக்கும்னு பார்க்கணும்.

நத்தம்காரன் · ஜூலை 18, காலை 8.15

காரியம் முடிந்தது. பதிவுக்கு அறுபது லைக். சித்தப்பா வீட்டிலிருந்து ஒருவர் "சுருக்கமா இருக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறார். வேப்பம்பூவுக்கு வெற்றி.

அப்பா பதிவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நேற்று எல்லோரும் போன பிறகு பெரியப்பா வீட்டு வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ராத்திரி ஒரு கமெண்ட் வந்தது. தெரியாத பெயர். இப்போது வேறு ஊரில் வயர்மேனாக இருக்கிறாராம்.

"அன்னைக்கு ஏறுன ஹெல்பர் நான்தான் தம்பி. கொட்டும் மழைன்னு போட்டிருக்கீங்க. மழையில உங்க பெரியப்பா ஏற விடல. பெஞ்சு முடியற வரைக்கும் என்னை ஒரு கூரைக்கு அடியில நிக்க வச்சிருந்தார். விட்டப்புறம்தான் ஏறுனேன்."

அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு. வேணும்னே லேட் பண்ணுதுன்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

"கொட்டும் மழையில்" என்பதை "மழை விட்ட பிறகு" என்று திருத்திவிட்டேன். திருத்திய வரலாற்றில் தெரியும். தெரியட்டும்.